மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிசல்... ஒரே ஊர் மண்ணுக்கு ரெண்டு நிறம் எப்படி வந்தது?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போயிருப்பீர்கள். விருதுநகர் தாண்டி சாத்தூர், கோவில்பட்டி பக்கம் வந்துவிட்டால் சாலைக்கு ரெண்டு பக்கமும் மண் கறுத்துக் கிடக்கும். கோடையில் இறங்கிப் பார்த்தால் கையை உள்ளே விடும் அளவுக்கு வெடிப்பு. ஆனால் இடையிடையே ஒரு மேடு வந்தால், அங்கே மட்டும் மண் செக்கச்செவேல்னு இருக்கும். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊரின் பெயரே இடைசெவல். செவல் என்றால் செம்மண் நிலம்.

ரெண்டு இடத்துக்கும் அதே வெயில், அதே மழை. அடியில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே வகைப் பாறைதான். அப்புறம் எப்படி ஒரு காடு சிவப்பாகவும், பக்கத்துக் காடு கறுப்பாகவும் ஆனது?

"செம்மண்ணில் இரும்பு இருக்கு, அதனால் சிவப்பு. கரிசல் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது, அதனால் கறுப்பு" என்று பள்ளியில் படித்த பதில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால், ஒரு நிலத்தில் என்ன விளையும், அங்கே கட்டும் வீட்டுச் சுவர் விரிசல் விடுமா என்பது வரை ஓரளவு ஊகிக்க முடியும்.

சுருக்கமாகச் சொன்னால்

- சிவப்புக்குக் காரணம் இரும்பின் அளவு அல்ல. அந்த இரும்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான். தண்ணீர் வடிந்து காற்று நுழையும் மண்ணில் இரும்பு சிவப்பு ஆக்சைடாக மாறுகிறது.
- கரிசலின் கறுப்பு, களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொண்ட மிகக் குறைந்த அளவு மக்கிலிருந்து வருகிறது. அந்தக் களிமண் உருவாக, தண்ணீர் எளிதில் வடியாத இடம் வேண்டும்.
- பாறை மூலப்பொருளைத் தருகிறது. அதை எந்த நிறமாக மாற்றுவது என்பதைத் தண்ணீர் போகும் வழிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பாடப்புத்தகப் பதிலில் என்ன இடிக்கிறது?

முதல் சிக்கல், இரும்புக் கணக்கு. மகாராஷ்டிராவின் பெரும்பகுதியை மூடியிருக்கும் தக்காணப் பீடபூமியின் பசால்ட் பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. அதில் இரும்பு ஆக்சைடு பத்து சதவீதத்துக்கும் மேல் இருக்கும். தென்னிந்தியாவில் நாம் பார்க்கும் கிரானைட் பாறைகளில் பொதுவாக அதில் பாதிகூட இருக்காது. இரும்புதான் சிவப்புக்குக் காரணம் என்றால் பசால்ட் மேல்தான் மண் அதிகம் சிவக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். இரும்பு அதிகமுள்ள பாறைமேல் கரிசல், குறைவாக உள்ள பாறைமேல் செம்மண்.

ரெண்டாவது சிக்கல், கோவில்பட்டியே. தக்காண எரிமலைப் பாறையின் தெற்கு எல்லை வட கர்நாடகாவோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கோவில்பட்டிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். கோவில்பட்டி கரிசலுக்கு அடியில் இருப்பது நைஸ் வகையைச் சேர்ந்த பழைய பாறை. கிரானைட்டுக்குச் சொந்தக்காரப் பாறை. எரிமலைக் குழம்பு வந்து சேராத ஊரிலும் அசல் கரிசல் இருக்கிறது.

மூணாவது சிக்கல், மகாபலேஷ்வர். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் இருக்கும் இந்த ஊர் முழுக்க முழுக்கப் பசால்ட் மலை. ஆனால் மேலே இருப்பது கரிசல் இல்லை. செங்கல் நிறத்தில், துளைதுளையாக இருக்கும் செம்பாறை, அதாவது லேட்டரைட். அதே பசால்ட் கிழக்கே சோலாப்பூர் வரை போகிறது. அங்கே கறுகறுவென்று கரிசல்.

ஆக, ஒரே பாறை ரெண்டு நிறம் தருகிறது. வேறு வேறு பாறைகள் ஒரே நிறம் தருகின்றன. பாறையை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது.

சிவப்பு எப்படி உருவாகிறது?

உடைக்காத கிரானைட்டைப் பாருங்கள். சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு. நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அந்தக் கறுப்புப் புள்ளிகளில்தான் இரும்பு இருக்கிறது. பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமங்கள் அவை. அவற்றுக்குள் அடைபட்டிருக்கும் இரும்பில் பெரும்பகுதி, ஆக்சிஜனோடு முழுசாகச் சேராத நிலையில் இருக்கும்.

மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. அந்தத் தண்ணீர் பாறையின் இடுக்குகளில் இறங்கும்போது இந்தக் கனிமங்கள் மெல்ல மெல்லச் சிதைகின்றன. கால்சியம், மக்னீசியம், சோடியம், கொஞ்சம் சிலிக்கா எல்லாம் தண்ணீரில் கரைந்து கீழே போய்விடும். இரும்பு மட்டும் போகாது. வெளியே வந்ததும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத துருவாக அங்கேயே படிந்துவிடும்.

அந்தத் துருவிலும் ரெண்டு முக்கிய வகை இருக்கிறது. ஒன்று ஹேமடைட். இதில் தண்ணீர் இல்லை. நிறம் ரத்தச் சிவப்பு. இன்னொன்று கோதைட். இதன் அமைப்பிலேயே நீரின் கூறு கலந்திருக்கும். நிறம் மஞ்சளும் பழுப்பும். மண் சூடாகி, நன்றாகக் காய்ந்து, மறுபடி நனையும் இடங்களில் ஹேமடைட்டின் கை ஓங்கும். எப்போதும் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும் இடங்களில் கோதைட்தான் நிற்கும்.

வெப்பமண்டல நாடுகளில் செம்மண் அதிகமாகவும், குளிர்நாடுகளில் பழுப்பு மண் அதிகமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம்ம ஊர்க் கோடையில் மேல்மண் கொதிக்கிறது. நாலு மாதம் மழை, மீதி மாதங்கள் காய்ச்சல். ஹேமடைட்டுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

துளி அளவு போதும்

ஒரு மண்ணைச் சிவப்பாக்க எவ்வளவு ஹேமடைட் தேவைப்படும்? நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே போதும். காரணம், அது கட்டியாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக, ஒவ்வொரு மணல் பருக்கை மீதும் களித்துகள் மீதும் பெயின்ட் அடித்த மாதிரி பூசிக்கொண்டிருக்கும்.

இதை ஆய்வகத்தில் நேராகவே பார்க்கலாம். மண் விஞ்ஞானிகள் சோடியம் டைத்தயோனைட் என்ற உப்பையும், கூடவே சிட்ரேட்டையும் பயன்படுத்தி ஒரு சோதனை செய்வார்கள். செம்மண் கரைசலை 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி இந்த உப்பைப் போட்டுக் கலக்கினால், சிறிது நேரத்தில் சிவப்பு மறைந்துவிடும். மிஞ்சுவது வெளுத்த சாம்பல் நிறக் களியும் மணலும்தான். டைத்தயோனைட் அந்த இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பிரித்து எடுத்துவிடுகிறது. செம்மண்ணின் சிவப்பு வெறும் மேல்பூச்சு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இந்தப் பூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது களித்துகள்களைச் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டவைக்கிறது. மணிகளுக்கு நடுவில் இடைவெளி கிடைக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் வடிகிறது, காற்று நுழைகிறது. காற்று நுழைந்தால் இரும்பு சிவப்பாகவே நீடிக்கிறது. ஒருமுறை சிவந்த மண், தன் சிவப்பைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

கரிசலைப் பார்த்ததும் "மக்கு நிறைய இருக்கு, சத்தான மண்" என்று நினைப்போம். ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வேறு மாதிரி வரும். நம்ம ஊர்க் கரிசலில் அங்கக கார்பன் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். பக்கத்துச் செம்மண்ணோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் கூடுதல். அந்தக் கொஞ்சம் மக்கு எப்படி மொத்த மண்ணையும் கறுப்பாக்குகிறது?

விடை களிமண்ணில் இருக்கிறது. கரிசலில் இருப்பது ஸ்மெக்டைட் என்ற வகைக் களி. அடுக்கடுக்கான தாள் கட்டு மாதிரி அதன் அமைப்பு. நனைந்தால் அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். செம்மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைட் களி இப்படி உப்புவது கிடையாது.

ஸ்மெக்டைட் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் மேற்பரப்பு ரொம்ப அதிகம். கரிசலில் கால்சியம் தாராளமாக இருப்பதால், அது ஒரு கொக்கி மாதிரி மக்கையும் களியையும் இணைத்துவிடுகிறது. இப்படிப் பிணைந்த மக்கை நுண்ணுயிரிகளால் எளிதில் தின்ன முடியாது. அது மெல்லிய மைப்பூச்சாக ஒவ்வொரு களித்துகள் மீதும் பரவி நிற்கிறது. ஒரு குடம் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்ட மாதிரி.

சரி, கரிசல் மூணு அடி, நாலு அடி ஆழத்திலும் அதே கறுப்பாக இருப்பது ஏன்? மற்ற மண்ணில் மேலே கறுப்பாகவும் கீழே வெளுத்தும்தானே இருக்கும்? இதற்கும் காரணம் அந்த உப்புதலும் சுருங்குதலும்தான். கோடையில் வெடிப்பு விழுகிறது. காற்றும் ஆடுமாடுகளின் காலும் மேல்மண்ணை அந்த வெடிப்புக்குள் தள்ளிவிடுகின்றன. மழை பெய்ததும் மண் உப்பி வெடிப்பை மூடுகிறது. மேலிருந்தது கீழே போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் இது நடக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷங்களில் நிலம் தன்னைத்தானே உழுதுகொண்ட மாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாகிவிடுகிறது.

இரும்பு எங்கே போனது என்று கேட்கலாம். கரிசலிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி களிமண்ணின் அடுக்குகளுக்கு உள்ளேயே அடைபட்டிருக்கிறது. கொஞ்சம் சின்ன உருண்டைகளாகக் கிடக்கிறது. வெளியே பூசிக்கொள்ளும் சிவப்பு ஹேமடைட்டாக அது மாறவில்லை. அதனால் மைப்பூச்சை மறைக்கச் சிவப்புப் பூச்சு இல்லை. செம்மண்ணில் நேர்மாறு: அங்கேயும் மக்கு இருக்கிறது, சிவப்புக்கு அடியில் மறைந்துவிடுகிறது.

ஒரு சரிவில் இறங்கிப் பார்ப்போம்

இப்போது ரெண்டையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். நைஸ் பாறை மேல் அமைந்த ஒரு மெல்லிய சரிவு. வருஷத்துக்கு 700, 800 மில்லிமீட்டர் மழை. தெலங்கானா, ராயலசீமா, கொங்கு நாடு, தென் தமிழகம் எங்கும் இப்படிப்பட்ட சரிவுகள் உண்டு. ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே செம்மண்ணும் கரிசலும் இருக்கின்றன.

மேட்டின் உச்சி: மழை விழுந்ததும் கொஞ்சம் சரிவில் ஓடிவிடும், மீதி மணல்பாங்கான மண்ணுக்குள் இறங்கிவிடும். பாறையிலிருந்து கரைந்த கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவின் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீரோடு கிளம்பிவிடும். இங்கே மிஞ்சுவது குவார்ட்ஸ் மணல், கயோலினைட் களி, இரும்புத் துரு. அதாவது செம்மண். ஆழம் குறைவு, ரெண்டு மூணு அடி தோண்டினால் சில இடங்களில் சிதைந்த பாறையே தட்டும்.

சரிவின் நடு: இங்கே தண்ணீர் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. மண் பழுப்பாக மாறும். தோண்டிப் பார்த்தால் அடியில் ஆரஞ்சும் சாம்பலும் கலந்த திட்டுகள் தெரியும். மழைக்காலத்தில் அந்த ஆழத்தில் சில வாரம் தண்ணீர் நிற்கிறது என்பதன் அடையாளம் அது.

பள்ளம்: மேலிருந்து கிளம்பிய கால்சியம், மக்னீசியம், சிலிக்கா மூணும் இங்கே வந்து சேர்கின்றன. வடிய வழியில்லை. மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் ஆவியாகிறது, கரைந்திருந்தவை செறிவாகின்றன. ஸ்மெக்டைட் களி உருவாக என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. மேலேயிருந்து அடித்துவரப்படும் நுண்களியும் கூடச் சேரும். மிச்சமாகும் கால்சியம் சுண்ணாம்பு உருண்டைகளாக, நாம் சுக்கான் கல் என்று சொல்வதாகப் படிகிறது.

களி உருவானபின் கதை வேகமெடுக்கும். களி நனைந்து உப்பினால் துளைகள் அடைபடும், தண்ணீர் இன்னும் மெதுவாகவே வடியும், கால்சியம் வெளியேறாது, களி நிலைத்துவிடும். செம்மண் தன் வடிகாலைத் தானே திறந்துவைக்கிறது. கரிசல் தன் வடிகாலைத் தானே மூடிக்கொள்கிறது. ஆரம்பத்தில் சில அடி உயர வித்தியாசம்தான். போகப்போக ரெண்டும் வேறு வேறு மண்ணாகிவிடுகின்றன.

இந்த வரிசைக்கு ஒரு பெயரும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த ஜெஃப்ரி மில்ன் என்ற மண் விஞ்ஞானி, அங்கேயும் மேட்டில் செம்மண், பள்ளத்தில் கறுப்புக் களி என்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். 1935-ல் அதற்குக் 'கேட்டீனா' என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் சங்கிலி என்று அர்த்தம். சங்கிலியின் கண்ணிகள் மாதிரி ஒரு மண் அடுத்த மண்ணோடு கோத்திருக்கிறது. ஒன்று இழந்ததைத்தான் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறது.

காற்று போனால் சிவப்பும் போகும்

தண்ணீர் நின்றால் சிவப்பு கலையும் என்பதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், ஒரு நெல்வயல் போதும். செம்மண் நிலத்தில் தண்ணீர் கட்டி நெல் நட்டால், ஓரிரு நாளில் மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு சில பாக்டீரியாக்கள் மூச்சுவிட ஆக்சிஜனுக்குப் பதில் இரும்புத் துருவைப் பயன்படுத்தத் தொடங்கும். துரு கரையும் வடிவத்துக்கு மாறும். சேறு சாம்பல் நிறமாகும். நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் வேரைச் சுற்றி மட்டும் ஆரஞ்சுப் பூச்சு இருக்கும். நெல்வேர் மேலிருந்து காற்றைக் கீழே கொண்டுவருகிறது. காற்று தொட்ட இடத்தில் இரும்பு மறுபடி துருவாகிறது.

இதே விஷயத்தை மண்பாண்டத்திலும் பார்க்கலாம். கீழடி, ஆதிச்சநல்லூர் அகழாய்வுகளில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளை நினைத்துப் பாருங்கள். உள்பக்கமும் வாய்ப் பகுதியும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஒரே பானை, ஒரே களிமண். சூளையில் காற்று பட்ட பக்கத்தில் இரும்பு ஹேமடைட்டாகிச் சிவந்தது. காற்று படாத பக்கத்தில் கரி படிந்து கறுத்தது. வயலில் இருக்கும் மண் சூளையில் சுட்டதல்ல. ஆனால் கேள்வி ரெண்டு இடத்திலும் ஒன்றுதான்: காற்று போச்சா, போகலையா?

இப்போது மகாபலேஷ்வருக்குத் திரும்புவோம். அங்கே வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலையுச்சி என்பதால் தண்ணீர் நிற்காது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த மழை பசால்ட்டிலிருந்த கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும்தான், அதான் செம்பாறை. மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் அதில் ஏழில் ஒரு பங்கு மழைகூடச் சரியாகக் கிடைக்காது. கழுவித் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. பசால்ட்டின் கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே தங்கிக் கரிசலாயின. பசால்ட்டில் இந்த உப்புகள் ஏற்கெனவே தாராளம் என்பதால், அங்கே கரிசல் உருவாகப் பள்ளம்கூடத் தேவைப்படவில்லை. சமவெளியே போதுமாக இருந்தது. கிரானைட், நைஸ் பகுதியில்தான் பள்ளம் தேவைப்படுகிறது. பாறையின் பங்கு இங்கேதான் வருகிறது.

நிறம் ஏமாற்றும் இடங்களும் உண்டு

ஊட்டிச் சாலையில் வெட்டப்பட்ட மண்சுவரைப் பார்த்தால் மேலே கறுப்பு, அடியில் சிவப்போ மஞ்சளோ தெரியும். மேலே இருப்பது கரிசல் இல்லை. அங்கே குளிரும் ஈரமும் அதிகம். இலைதழை மெதுவாகவே மக்கும். அதனால் நிஜமாகவே மக்கு நிறையச் சேர்ந்து கறுத்த மண் அது. கையில் எடுத்தால் பொலபொலவென்று லேசாக இருக்கும். காய்ந்தாலும் கரிசல் மாதிரி வெடிக்காது.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் தேரிக்காடு இன்னொரு உதாரணம். மைல் கணக்கில் செக்கச்செவேல் மணல்மேடு. அது அந்த இடத்துப் பாறை சிதைந்து உருவான செம்மண் அல்ல. காற்று கொண்டுவந்து குவித்த மணல். மணல் பருக்கைகளின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது, அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்துச் செம்மண் என்று கடலை போட்டால் தண்ணீர் நிற்காது.

இன்னொரு விஷயம்: மண்ணின் நிறத்தை எப்போதும் நனைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த கரிசல் சாம்பலாகத் தெரியும். காய்ந்த செம்மண் வெளிறித் தெரியும். மண் விஞ்ஞானிகள் ஈர மண்ணை 'மன்செல்' என்ற வண்ண அட்டையோடு ஒப்பிட்டுத்தான் நிறத்தைக் குறித்துக்கொள்வார்கள்.

விவசாயத்துக்கு இது என்ன சொல்கிறது?

செம்மண்ணில் தண்ணீர் வேகமாக இறங்கும், வேகமாகக் காயும். அடிக்கடி சின்னச் சின்ன மழை வேண்டும். மண் இளக்கமாக இருப்பதால் நிலக்கடலைக்கு வசதி. செடியைப் பிடுங்கினால் காய் கூடவே வந்துவிடும். கரிசலில் அதே கடலையைப் போட்டால், மண் காய்ந்தபின் காய் உள்ளேயே அறுந்து நின்றுவிடும்.

கரிசல் மெதுவாகக் குடிக்கும், ஆனால் நிறையச் சேமித்து வைக்கும். வடகிழக்குப் பருவமழையில் நன்றாக நனைந்துவிட்டால், மழை நின்ற பிறகும் பருத்தி, சோளம், கொண்டைக்கடலை போன்ற பயிர்கள் அந்தச் சேமிப்பிலேயே வளரும். கோவில்பட்டி வட்டாரத்தில் பாசனம் இல்லாமலே பருத்தி விளைந்ததன் ரகசியம் இதுதான். அதே சமயம் மழை அதிகமானால் கரிசலில் கால் வைக்க முடியாது. வேர் மூச்சுத் திணறும்.

சத்திலும் வித்தியாசம் உண்டு. செம்மண்ணின் இரும்புப் பூச்சு, நாம் போடும் பாஸ்பரஸ் உரத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் வேறு பிரச்சினை: மண்ணில் இரும்பு இருந்தும் பயிருக்குக் கிடைக்காது, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாக வெளுக்கும். இரும்பே இல்லாத மண் என்று நினைத்துவிடக்கூடாது. அது காரத்தன்மையால் கரையாமல் பூட்டிக் கிடக்கிறது.

மனை வாங்கப் போறீங்களா? கொஞ்சம் தோண்டிப் பாருங்க

கரிசல் நிலத்தில் மனை போடும்போது மேலே ஒன்றிரண்டு அடிக்குச் செம்மண் கிராவல் கொட்டிச் சமன்படுத்துவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பார்ப்பதற்குச் செம்மண் பூமி மாதிரியே இருக்கும். ஆனால் அஸ்திவாரம் உட்காரப்போவது அடியில் இருக்கும் கரிசலில். மழைக்காலத்தில் அது உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும். கோடையில் சுருங்கிக் கீழே இறக்கும். வீட்டின் நடுப்பகுதி மண் ஈரமாகவே இருக்க, ஓரத்து மண் மட்டும் காய்வதால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அசையாது. கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் அதன் அடையாளம்.

பக்கத்துக் காலி இடத்தில் கோடை வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மனையில் நாலைந்து அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். செம்மண் ஒரு கோடு போட்ட மாதிரி சட்டென்று முடிந்து, கறுப்புக் களி தொடங்கினால் அது கொட்டப்பட்ட மண். இயற்கையான நிறமாற்றம் இப்படிக் கத்தியால் வெட்டிய மாதிரி இருப்பது அபூர்வம். பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் மாறும். அடியில் வெள்ளை உருண்டைகள் கிடைத்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, கரிசலோடு அது அடிக்கடி சேர்ந்தே வரும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மண் பரிசோதனைக் கூடத்தில் செய்யும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. நன்கு காயவைத்துச் சலித்த மண் 10 கிராம் வீதம் ரெண்டு அளவுக் குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் களியின் அடுக்குகளுக்குள் புகாது என்பதால் அந்த மண் உப்பாது. 24 மணி நேரம் கழித்து ரெண்டிலும் மண் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு, மண்ணெண்ணெயில் மண் 10 மில்லி வரை நிற்கிறது. தண்ணீரில் 18 மில்லி வரை உப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 8 மில்லி. 8-ஐ 10-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே அது அதிகம் உப்பும் மண். பொறியாளரிடம் கேட்காமல் சாதாரண அஸ்திவாரம் போடக்கூடாது. அசல் செம்மண் என்றால் ரெண்டு குழாயிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

கரிசலில் வீடே கட்ட முடியாது என்று அர்த்தமில்லை. உப்பும் அடுக்கைத் தாண்டி ஆழத்தில் ஊன்றும், அடியில் குமிழ் மாதிரி அகலமாக இருக்கும் 'அண்டர்ரீம்டு பைல்' அஸ்திவாரம் இதற்கென்றே பயன்படுத்தப்படுகிறது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வடிய வைப்பதும், சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைக்காமல் இருப்பதும் மண்ணின் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்கும்.

அடுத்த முறை அந்த நான்குவழிச் சாலையில் போகும்போது மண்ணின் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் அங்கே நிலமும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். சிவப்பு தெரிந்தால், அங்கே விழுந்த தண்ணீர் வடிந்து போயிருக்கிறது. கரிசல் தெரிந்தால், அந்தத் தண்ணீர் அங்கேயே தங்கிக் காய்ந்திருக்கிறது.